கோரிப்பாளையம் சிக்னலில் என் பல்ஸ்

கேள்வி: ஸ்கூட்டரில் ஆபீஸ் போகும்போது ஸ்மார்ட் வாட்ச் பல்ஸ் 140-க்கு மேல் காட்டுகிறது. சும்மா உட்கார்ந்துதானே போகிறேன், இது டிராபிக் டென்ஷனா, வாட்ச் கோளாறா?

இரண்டுமே உண்டு. ஆனால் அந்த 140-ஐ நான் நம்ப மாட்டேன்.

நானும் தினமும் மதுரையில் திருநகரிலிருந்து தல்லாகுளம் வரை வண்டியில்தான் போகிறேன். ஒரு நாள் பழங்காநத்தம் பக்கம் தோண்டிப் போட்டிருந்த ரோட்டில் வாட்ச் 148 என்றது. பயந்துபோய் ஓரங்கட்டி, கழுத்தில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணினேன். 25 துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 100. வாட்சைப் பார்த்தால், வீட்டிலிருந்து அதுவரை அறுநூறு ஸ்டெப் நடந்ததாக வேறு கணக்கு எழுதி வைத்திருக்கிறது! உட்கார்ந்து போகிறவனுக்கு ஸ்டெப் ஏறினால், குலுங்கலைத்தான் வாட்ச் எண்ணுகிறது என்று சந்தேகப்படலாம். அது தோலுக்குள் பச்சை ஒளியை அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கே ரத்தத்தின் அளவு மாறுவதற்கு ஏற்பத் திரும்பும் ஒளி கூடிக் குறைவதைப் படிக்கிறது. ஹேண்டில்பார் அதிர்ந்தாலும் அந்த ஒளி ஆடும். அதனால் ஓடும்போது வரும் எண்ணை விட்டுவிட்டு, சிக்னலில் எஞ்சினை அணைத்து, கையைத் தொடையில் வைத்து அரை நிமிடம் கழித்து வருவதைப் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் எனக்குக் காலை ஒன்பதரைக்குக் கோரிப்பாளையத்தில் 104 வரும். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது 72. ஞாயிறு காலை ஆறரைக்கு அதே சிக்னலில் 82-தான். உடம்புக்கு அதே வேலை, அதே வண்டி. குறுக்கே பாயும் ஷேர் ஆட்டோ, பின்னாலிருந்து காதைக் கிழிக்கும் ஏர் ஹாரன், பிரேக்கை விடாமல் இறுக்கிப் பிடித்த கை, எல்லாம் சேர்ந்ததுதான் மிச்சம். ஆனால் வெயிலையும் கழிக்க வேண்டும். மே மாதம் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு, ரோடு காலியாகக் கிடந்தபோதே 96 வந்தது. சூட்டைத் தணிக்க உடம்பு தோலுக்கு அதிக ரத்தம் அனுப்பும், அதற்கு இதயம் வேகமாக அடிக்க வேண்டும். மதுரை வெயிலில் இதை மறந்துவிட்டு எல்லாப் பழியையும் டிராபிக் மேல் போடக் கூடாது.

எனக்கு உச்ச எண்ணைவிட உபயோகமாகப் பட்டது, வண்டியை நிறுத்திய பிறகு பல்ஸ் இறங்க ஆகும் நேரம். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால், ஞாயிறு மூன்று நிமிடத்தில் எழுபதுகளுக்கு வந்துவிடும். வாரநாளில் பன்னிரண்டு நிமிடம் வரை ஆகிறது. யாருடனாவது ரோட்டில் வாய்த் தகராறு என்றால் இன்னும் இழுக்கும். இதை டீ குடிப்பதற்கு முன்பே பாருங்கள், குடித்துவிட்டால் கணக்கு குழம்பும்.

அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்த பிறகும் 100-க்குக் கீழே வரவில்லை, அல்லது விரலில் துடிப்பு விட்டு விட்டு வருகிறது என்றால், அப்போது டிராபிக்கைச் சொல்லித் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் போய் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தால் அரை மணி நேரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.