டெஸ்ட்ராயர், ஃப்ரிகேட், க்ரூஸர் வித்தியாசம்

கேள்வி: இந்த மூணு போர்க்கப்பல் வகைல எது பெருசு, எது என்ன வேலை செய்யும்?

பொதுவா ஃப்ரிகேட் சின்னது, டெஸ்ட்ராயர் நடு, க்ரூஸர் பெருசு. ஆனா சைஸை மட்டும் நம்பாதீங்க. அமெரிக்காவோட டிக்கன்டரோகா க்ரூஸர் ஸ்ப்ரூயன்ஸ்ங்கிற டெஸ்ட்ராயரோட உடம்பு மேலயே கட்டுனதுதான், முதல்ல டெஸ்ட்ராயர்னே பேர் வெச்சு 1980ல க்ரூஸர்னு மாத்துனாங்க. எடை பத்தாயிரம் டன்னுக்குப் பக்கம், இன்னைக்கு ஆர்லே பர்க் டெஸ்ட்ராயரும் கிட்டத்தட்ட அவ்ளோதான், சம்வால்ட் டெஸ்ட்ராயர் அதைவிடப் பெருசு.

அப்போ வித்தியாசம் எங்க? டிக்கன்டரோகால 122 ஏவுகணைக் குழாய், பின்னாடி வந்த பர்க்ல 96. முக்கியமா, விமானந்தாங்கிக் கப்பல் கூட்டத்துக்கே வான் பாதுகாப்பை நடத்துற கமாண்டரும் அவர் டீமும் உக்கார க்ரூஸர்ல இடம் உண்டு, என்னைக் கேட்டா அதுதான் அசல் வித்தியாசம். டெஸ்ட்ராயர் அதே கூட்டத்தைக் காக்கும், தனியாவும் போய் அடிக்கும். ஃப்ரிகேட் பெரும்பாலும் நீர்மூழ்கியைத் தேடி சரக்குக் கப்பல்களுக்குத் துணையா போறது, பழைய பெர்ரி ஃப்ரிகேட் சுமார் 4,000 டன்தான்.