காலையில் ஓடும் செயலி மாலையில் ஏன் உறைகிறது?

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். பில் போடுவதற்கு ஆண்டுச் சந்தா கட்டி ஒரு செயலி பயன்படுத்துகிறேன். போன் 4 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு. காலையில் எத்தனை பில் போட்டாலும் சிக்கல் இல்லை. இரண்டு மூன்று மணி நேரம் வேறு வேலையாக இருந்துவிட்டுத் திரும்பத் திறந்தால், முதலில் செயலியின் சின்னம் மட்டும் தெரிகிறது. பிறகு பாதியில் விட்ட பில் பக்கம் வந்து, வட்டம் சுழன்றுகொண்டே நிற்கிறது. எதைத் தொட்டாலும் அசைவதில்லை. மேலே தள்ளி மூடிவிட்டுத் திறந்தால் சரியாகிவிடுகிறது. போன் விற்ற கடையில் ‘ரீசெட் செய்யுங்கள்’ என்கிறார்கள். செயலி நிறுவனத்தார் ‘8 ஜிபி போன் வாங்குங்கள்’ என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது: சின்னம் மட்டும் தெரியும் அந்தத் திரை.

நீங்கள் வேறு செயலிக்குப் போனதும் பில் செயலி மூடப்படுவதில்லை. ரேமில் அப்படியே காத்திருக்கிறது. ஆனால் 4 ஜிபி முழுவதும் செயலிகளுக்குக் கிடைப்பதும் இல்லை. ஆண்ட்ராய்டும் அதன் துணைச் சேவைகளுமே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. மீதியில் வாட்ஸ்அப், கேமரா, வீடியோ, பணப் பரிமாற்றச் செயலி எல்லாம் இடம் கேட்கின்றன. இடம் போதாதபோது போன் முதலில், பின்னால் கிடக்கும் செயலிகளின் தரவைச் சுருக்கி ரேமிலேயே ஓர் ஓரத்தில் வைக்கிறது. அதுவும் போதவில்லை என்றால், நீண்ட நேரம் தொடாத செயலிகளில் தொடங்கி ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. உங்களிடம் கேட்பதில்லை, அறிவிப்பும் தருவதில்லை. சில மணி நேரம் கழித்தே கோளாறு தெரிவதற்குக் காரணம் இதுதான். கடிகாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இடையில் நீங்கள் திறந்த மற்ற செயலிகள்தான் காரணம். கேமராவைத் திறந்து நாலு படம் எடுத்தால் பத்து நிமிடத்திலேயே நடந்துவிடலாம்.

நிறுத்தப்பட்ட செயலிக்கு நீங்கள் திரும்பும்போது ஆண்ட்ராய்டு அதைப் புதிதாகத் தொடங்குகிறது. சின்னத் திரை அப்போதுதான் வருகிறது. ஆனால் முதல் பக்கத்துக்குப் போகாமல், நீங்கள் விட்ட இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறது. எந்தப் பக்கத்தில் இருந்தீர்கள் என்ற குறிப்பும், செயலி முன்கூட்டிச் சேமிக்கச் சொன்ன சிறிதளவு தரவும் மட்டுமே அதனிடம் உண்டு. யார் உள்நுழைந்திருந்தார், எந்த வாடிக்கையாளரின் பில், என்னென்ன துணி என்று ரேமில் மட்டும் இருந்தவை எல்லாம் போய்விட்டன. ஒழுங்காக எழுதப்பட்ட செயலி அவற்றைத் தன் தரவுத்தளத்திலிருந்து மறுபடி படித்துக்கொள்ளும். உங்களுடையது, முதல் பக்கத்தில் ஏற்றப்பட வேண்டிய தரவை பில் பக்கத்தில் நின்றுகொண்டு எதிர்பார்க்கிறது என்றே தோன்றுகிறது. முதல் பக்கம் இந்த முறை திறக்கவே இல்லையே! வராத தரவுக்காக வட்டம் சுழல்கிறது.

மேலே தள்ளி மூடினால் சரியாவதும் இதனால்தான். அப்படிச் செய்யும்போது ‘விட்ட இடம்’ என்ற குறிப்பும் அழிந்து, செயலி முதல் பக்கத்திலிருந்து முறையாகத் தொடங்குகிறது. ‘மூடித் திறந்து பார்த்தோம், நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நிறுவனத்தார் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அது இந்தக் கோளாறுக்கான சோதனையே அல்ல. ரேம் தாராளமாக உள்ள போனில் நாள் முழுக்கப் பார்த்தாலும் அவர்களுக்கு இது தென்படாமல் போகலாம்.

மணிக்கணக்கில் காத்திருக்காமல் நீங்களே இதைச் சோதிக்கலாம். போன் அமைப்புகளில் Build number என்பதை ஏழு முறை தொட்டால் Developer options திறக்கும். அதில் Background process limit என்பதை No background processes என்று மாற்றுங்கள். பில் செயலியில் ஒரு பில்லைப் பாதிவரை போட்டுவிட்டு முகப்புக்கு வந்து, வேறு இரண்டு மூன்று செயலிகளைத் திறங்கள். பிறகு அண்மைச் செயலிகள் பட்டியல் வழியாகத் திரும்புங்கள். சின்னத் திரை வந்து, அதே பக்கத்தில் வட்டம் சுழன்றால் குற்றம் செயலியின் மீதுதான். சின்னத் திரை வரவில்லை என்றால் செயலி நிறுத்தப்படவில்லை என்று பொருள். இன்னும் சில செயலிகளைத் திறந்து மறுபடி பாருங்கள். முடிந்ததும் Standard limit என்று திருப்பிவிடுங்கள்.

கணினி தெரிந்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால், ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய போனில் இன்னும் உறுதியான சான்று எடுக்கலாம். போனைக் கணினியுடன் இணைத்து, கீழுள்ள கட்டளையைக் கணினியில் ஓட்ட வேண்டும். அதன் கடைசியில் உள்ள பெயருக்குப் பதிலாகச் செயலியின் பேக்கேஜ் பெயரைக் கொடுக்க வேண்டும்:

```
adb shell dumpsys activity exit-info com.example.billing
```

வரும் பட்டியலில், கோளாறு நடந்த நேரத்துக்கு முன் LOW_MEMORY என்று இருந்தால் ரேம் போதாமல் போன் நிறுத்தியிருக்கிறது. சில போன்கள் இதையே SIGNALED என்றும் காட்டும். ANR என்றால் செயலி ஓடிக்கொண்டிருந்தபோதே பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. அது வேறு கதை.

இன்னொரு வகை உறைதலும் உண்டு. அதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். சின்னத் திரை வராமல் பழைய பக்கமே தெரிந்து, மூன்று நான்கு விநாடி தொட்டாலும் அசையாமல், பிறகு தானாகச் சரியானால், செயலி உயிரோடுதான் இருக்கிறது. சுருக்கி வைத்த தரவு விரிந்து வரும்வரை காக்க வைக்கிறது. இதற்கு மட்டும் கூடுதல் ரேம் உண்மையான மருந்து.

விளம்பரங்களில் ‘4+4 ஜிபி’ என்று போடுகிறார்களே, அந்த இரண்டாவது நான்கு ரேம் அல்ல. போனின் சேமிப்பிடத்தில் ஒதுக்கிய பகுதி. அது செயலி நிறுத்தப்படுவதைச் சற்றுத் தள்ளிப்போடலாம். ஆனால் ரேமைவிடப் பலமடங்கு மெதுவானது என்பதால், மேலே சொன்ன காத்திருப்பை நீட்டவும் செய்யலாம். உங்கள் போனில் அந்த வசதி இருந்தால் ஒருநாள் அணைத்துவைத்து வேறுபாட்டைப் பாருங்கள். ‘ரேம் கிளீனர்’ செயலிகளை நீக்கிவிடுங்கள். நீங்கள் தவிர்க்க நினைக்கும் அதே நிறுத்தலைத்தான் அவை வேலையாகச் செய்கின்றன. பேட்டரி அமைப்பில் Unrestricted என்று வைப்பது மின்சிக்கனத்துக்காக நிறுத்தப்படுவதைத் தடுக்கும். ரேம் போதாதபோது காப்பாற்றாது.

8 ஜிபி போன் வாங்கினால் கோளாறு அபூர்வமாகும், அவ்வளவுதான். என்றைக்காவது அந்தப் போனும் செயலியை நிறுத்தும்; அன்று அதே வட்டம் சுழலும். ஆகவே இதற்காகப் புதுப் போன் வாங்காதீர்கள். ரீசெட்டும் வேண்டாம். பில் தரவுக்கு நகல் இல்லையென்றால் அது ஆபத்தும்கூட.

நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். ‘உறைகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, மேலே சொன்ன சோதனையின் படிகள், திரையைப் பதிவு செய்த வீடியோ ஆகியவற்றை இணைத்து, ‘பின்னணியில் நிறுத்தப்பட்ட பிறகு பில் பக்கம் மீளவில்லை’ என்று எழுதுங்கள். செயலி எழுதுபவருக்கு அந்த ஒரு வரி போதும். 4 ஜிபி போனில் ஓடும் என்று சொல்லி விற்றிருந்தால் அந்த விளம்பரத்தின் படத்தையும் சேருங்கள். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கியது என்று தட்டிக்கழித்தால், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பொருள் வாங்கியவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதை எடுத்துக்காட்டுங்கள்.

திருத்திய பதிப்பு வரும்வரை, எழுந்து போகுமுன் பில்லைச் சேமித்துவிடுங்கள். திரும்பி வந்ததும் பட்டியலிலிருந்து செயலியை மேலே தள்ளிவிட்டுத் திறங்கள்.