ஒரே ஒரு வரியில மட்டும் சந்தம் இடறினா அது தப்பா, வேணும்னே செஞ்சதா?

"கவிதை முழுக்க தாளம் சரியா போகுது, ஒரு வரி மட்டும் உதைக்குது. கவிஞர் ஏன் இப்படி செய்றாங்க?"

மூணு வரி ஒரே அளவுல போனா காது நாலாவதையும் அதே அளவுல எதிர்பார்க்க ஆரம்பிச்சிடும், கவிஞர் கை வைக்கிறது அந்த எதிர்பார்ப்புலதான். இதுக்காகவே நான் எழுதின நாலு வரி:

காற்று வந்து கதவைத் தட்டும்
அன்னை எழுந்து விளக்கை வைப்பாள்
வாசல் பார்த்து மகனைத் தேடி
நின்றாள் யாரும் இல்லை

முதல் மூணு வரியிலயும் நாலு நாலு சீர், எல்லாமே ஈரசை. கடைசில மூணுதான். வாய்விட்டு படிச்சா நாலாவது சீர் விழ வேண்டிய இடத்துல நாக்கு காத்துக்கிட்டு நிக்கும், வராத மகனோட இடம் அதுதான். "நின்றாள் யாரும் இல்லை அங்கே"ன்னு நிரப்பிப் பாருங்க, கணக்கு சரியாயிடும், ஆனா வெறும் தகவலா போயிடும். எனக்கு இதுதான் நம்பகமான டெஸ்ட்: திருத்தினதும் வரி பலவீனமானா அது வேணும்னே செஞ்சது, நல்லா ஆனா பிழை. பொருள் திரும்புற இடத்துல இல்லாம அங்கங்க இடறினாலும் பிழைன்னுதான் சந்தேகப்படணும்.

ஒண்ணு கவனிங்க, வெண்பாவோட கடைசி அடியும் நேரிசை ஆசிரியப்பாவோட கடைசிக்கு முந்தின அடியும் விதிப்படியே மூணு சீர்தான். அங்க குறையிறதை காது முன்னாடியே எதிர்பார்த்திருக்கும், அதனால அதை இடறல்னு எடுத்துக்கிட்டு அர்த்தம் தேடாதீங்க.