காய்ச்சல்காரப் பிள்ளையை எழுப்பிச் சாப்பாடு கொடுக்கலாமா?

"என் மகனுக்கு 9 வயது, 25 கிலோ. நேற்றிலிருந்து காய்ச்சல். படுத்தே கிடக்கிறான், சோறு வாயில் வைக்க மாட்டேன் என்கிறான். மாமி எழுப்பித் தீத்தச் சொல்கிறா. என்ன செய்ய?"
— ஒரு தாய், உப்புவெளி

சோற்றுக்காக எழுப்ப வேண்டாம், தண்ணீருக்காக எழுப்புங்கள்.

சாப்பிடாததால்தான் சோர்ந்து கிடக்கிறான் என்று மாமி நினைக்கிறா, ஆனால் தூக்கம், பசியின்மை இரண்டுக்கும் கட்டளை ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. கிருமியைக் கண்ட வெள்ளை அணுக்கள் சைட்டோகைன் என்ற புரதங்களை வெளியிடும், அந்தச் செய்தி இரத்தம் வழியாகவும் வயிற்றிலிருந்து மேலே போகும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போனதும் மூளை உடல் வெப்பத்தை ஏற்றி, பசியைக் குறைத்து, ஆளைப் படுக்க வைத்துவிடும். காய்ச்சல் 1 பாகை செல்சியஸ் ஏறினாலே உடலின் எரிபொருள் செலவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். அதை ஓடி விளையாடுவதில் செலவழிக்காமல் மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் படுக்கை.

பசியின்மைக்கும் பயன் உண்டு. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றிய எலிகளுக்கு 1979இல் குழாய் வழியாக வலிந்து உணவு கொடுத்துப் பார்த்தார்கள், விருப்பப்படி விடப்பட்டவற்றைவிட அவைதான் அதிகம் செத்தன. ஆனால் 2016இல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில் இன்ஃபுளுவென்சா வைரஸ் தொற்றிய எலிகளுக்கு உணவு உதவியது, பட்டினி கெடுத்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது, அதனால் நான் சொல்வது இவ்வளவுதான்: திணிக்காதீர்கள், கேட்டால் மறுக்காதீர்கள். இரண்டு நாள் சோறு குறைந்தால் நன்றாக இருந்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

தண்ணீர் அப்படியில்லை. 25 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,600 மில்லிலீட்டர் வேண்டும், அதாவது 200 மில்லி கிளாஸில் எட்டு. வெறும் தண்ணீராகவே கொடுக்காமல் கஞ்சி, இளநீர், ஜீவனி என்று மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு நாலைந்து மிடறு போதும். ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை, உடனே காட்ட வேண்டும்.

இனி, திருகோணமலையில் இருப்பதால் சொல்கிறேன். சாதாரணக் காய்ச்சலில் வெப்பம் இறங்கியதும் பிள்ளை எழுந்து "அம்மா, பசிக்குது" என்பான். டெங்குவில் இது தலைகீழாகலாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் விட்டிருக்கும், ஆனால் பிள்ளை முன்பைவிட வாடிப்போவான், கை கால் சில்லிடும், வயிறு நோகும், வாந்தி நிற்காது. அதை "களைப்பில் தூங்குகிறான்" என்று விட்டுவிட்டுக் காலையில் கொண்டுவருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இப்படியானால், அல்லது எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால், இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளையும் காய்ச்சல் நிற்காவிட்டால் டொக்டரிடம் காட்டி இரத்தம் பரிசோதியுங்கள். அதுவரை பரசிட்டமோல் மட்டும், ஐபுபுரொஃபென், அஸ்பிரின் இரண்டும் வேண்டாம்.