டி.ஃபார்ம் முடித்த மகளுக்கு வேலை: சான்றிதழ், நேர்முகம், நைட் டியூட்டி

"கடைக்கு வரவே வேண்டாம், மகளோட சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க, மாசா மாசம் பணம் தர்றேன்" என்று தெரிந்தவர் ஒருவர் கேட்கிறார், கொடுக்கலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. கொடுக்காதீர்கள். காரணம் வெறும் நியாய தர்மம் இல்லை, மகளின் அடுத்த வேலையே இதில் சிக்கிக்கொள்ளும்.

சில்லறை மருந்துக் கடைக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை படிவம் 20, 21 என்று இரண்டு உரிமங்கள் தருகிறது. அவற்றைப் பெறக் கடைக்காரர் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவரின் பெயரைக் காட்ட வேண்டும். மருத்துவர் சீட்டுக்குத் தரும் மருந்து அந்த மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் போக வேண்டும் என்பது சட்டம். கடையில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை விற்றுப் பிடிபட்டால் ஆய்வாளர் முதலில் தேடுவது உரிமத்தில் உள்ள பெயரை. அந்த நேரத்தில் மகள் கடையில் இல்லை என்பதே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். பிறகு நல்ல மருத்துவமனை வேலை கிடைக்கும்போது இன்னொரு தொல்லை வரும். பழைய கடையிலிருந்து விலகியதாகத் துறைக்குத் தெரிவித்துப் பெயரை எடுத்தால்தான் புதிய இடத்தில் சேர்க்க முடியும். கடைக்காரர் இழுத்தடித்தால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். முறையாகச் சம்பளத்துக்கு வேலை பார்த்த கடையிலிருந்து விலகும்போதும் இதே கவனம் தேவை: ராஜினாமாக் கடிதத்தின் நகலைத் துறை அலுவலகத்தில் தானே கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அசல் சான்றிதழை எந்தக் கடையிலும் ஒப்படைக்க வேண்டாம்.

இனி பதிவு. டிப்ளமோ கையில் இருந்தால் மட்டும் மகள் மருந்தாளுநர் ஆகிவிட மாட்டார். 1948 மருந்தியல் சட்டப்படி தமிழ்நாடு மருந்தியல் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்கு மதிப்பெண் பட்டியல்களோடு, மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி முடித்த சான்றும் வேண்டும். விண்ணப்பம் பெரும்பாலும் இந்தச் சான்றில்தான் தடுக்கும். தேதிகளைக் கூட்டிப் பார்த்தால் மூன்று மாதம் நிறையாமல் இருக்கும், அல்லது பயிற்சி கொடுத்தவரின் பதிவு எண் விடுபட்டிருக்கும். இன்னொரு தடை இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் "எஸ். கவிதா" என்றும் ஆதாரில் "கவிதா செல்வம்" என்றும் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைத் திருத்திக்கொள்வது எளிது. டிப்ளமோ மாணவர்களுக்கான எக்ஸிட் தேர்வு விதி 2022இல் வந்தது. மகளின் பேட்ச் அதற்குள் வருகிறதா என்று கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். வருகிறது என்றால் அதில் தேர்ச்சி பெறாமல் பதிவு கிடையாது.

அரசு வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாயிற்று, சீனியாரிட்டியில் வந்துவிடும் என்று பல வீடுகளில் காத்திருக்கிறார்கள். அந்தப் பதிவு இருக்கட்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். ஆனால் அரசு மருத்துவமனை மருந்தாளுநர் இடங்களுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கை விடும்போது mrb.tn.gov.in தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கவுன்சில் பதிவும் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பதிவைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

நேர்முகத்துக்கு வருவோம். தனியார் மருத்துவமனையில் மருந்தியல் பாடத்தை ஒப்பிக்கச் சொல்வது குறைவு. மேசையில் இரண்டு பாட்டிலை வைத்து "பத்து கிலோ குழந்தை, பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி., எவ்வளவு கொடுக்கச் சொல்வீங்க?" என்பார்கள். தேவை 150 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. என்றால் 6.25 மி.லி. வரும். அதே சிரப் 5 மி.லி.யில் 250 மி.கி. வகையாக இருந்தால் 3 மி.லி. போதும். பச்சைக் குழந்தைகளுக்கான டிராப்ஸ் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், எனவே 1.5 மி.லி. கணக்குப் போட்டதும் நிறுத்திவிடாமல், "போன தடவை 6 மி.லி. குடுத்தோம்னு அம்மா இந்த டிராப்ஸிலும் 6 மி.லி. குடுத்தா 600 மி.கி., நாலு மடங்கு, அதனால மி.லி. குறி போட்ட மூடியோ டிராப்பரோ காட்டித்தான் கொடுப்பேன்" என்று சேர்த்துச் சொன்னால், கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

நேர்முகத்தில் இரண்டாவது கேள்வி இன்சுலின். நம் ஊரில் 1 மி.லி.யில் 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ள வகையும் புழக்கத்தில் உள்ளன. சிவப்பு மூடி ஊசி 40க்கு, ஆரஞ்சு மூடி ஊசி 100க்கு. 20 யூனிட் எழுதியிருக்கிறார்கள், குப்பி 40 வகை, ஆனால் வீட்டில் இருப்பது ஆரஞ்சு ஊசி என்று வையுங்கள். 20 என்ற கோடு வரை இழுத்தால் 0.2 மி.லி.தான் வரும், அதில் 8 யூனிட்டே இருக்கும். சர்க்கரை இறங்கவில்லை என்று மருத்துவர் டோஸை ஏற்றுவார். தலைகீழாக, இன்சுலின் பேனாவுக்கான 100 வகை மருந்தைச் சிவப்பு ஊசியில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட் உள்ளே போகும், நோயாளி மயங்கி விழுவார். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், இரண்டு ஊசியையும் வாங்கி வந்து தண்ணீரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய்ச் செலவில் கை அதை மறக்காது.

மூன்றாவதாக ஷெட்யூல் எச்1 பதிவேடு. சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, தூக்க மருந்து போன்றவற்றை விற்றால் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். "பில்லில்தான் இருக்கே" என்ற பதிலை நேர்முகத்தில் சொல்ல வேண்டாம்.

மகளுக்கு எந்த நேர ஷிஃப்ட் வருமோ, நைட் டியூட்டி போட்டுவிடுவார்களோ என்ற உங்கள் கவலை நியாயம்தான். மருத்துவமனை மருந்தகத்தில் பரவலாக உள்ள வழக்கம் காலை 8 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 8, இரவு 8 முதல் காலை 8. பகலில் ஆறு மணி நேரம் என்பது நல்லதாகத் தெரியும், ஆனால் நைட் ஒரே மூச்சில் பன்னிரண்டு. எத்தனை நைட் தொடர்ந்து வரும், நைட் முடிந்த நாளே வார விடுப்பாகக் கணக்கிடப்படுமா என்பதைச் சேரும் முன்பே கேட்க வேண்டும். காலை எட்டுக்கு வீடு திரும்பும் நாளையே லீவ் என்று எழுதும் இடங்கள் இருக்கின்றன. தெருமுனை மெடிக்கலில் ஒரே ஆள், காலை 9 முதல் இரவு 9, நடுவில் மதிய இடைவேளை என்று இருக்கும். சங்கிலிக் கடைகளில் இரவு 10, 11 வரை போகும். அங்கே சம்பளத்தைவிடக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

நைட்டில் மகள் தனியாக இருந்தால் ஐ.சி.யு. மருந்து கேட்டு அனுப்பும் இன்டென்ட், அவசரப் பிரிவுச் சீட்டு, திரும்பி வரும் மருந்து எல்லாம் ஒருவர் தலையில். இதில் பூட்டு போட்ட அலமாரிதான் ஆபத்து. மார்ஃபின், ஃபென்டனில் ஆம்பூல்களை இரவு எட்டுக்குச் சாவி வாங்கும்போதே முந்தின ஷிஃப்ட்காரர் முன்னால் எண்ணி, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். "பதினெட்டு இருக்கு, நம்புங்க" என்று அவர் அவசரமாகக் கிளம்பினாலும் விடக் கூடாது. காலையில் பதினேழு என்று வந்தால், கேள்வி சாவி வைத்திருந்தவரிடம்தான் வரும்.