இருநூறு வெள்ளி வந்துவிட்டது, நாற்பதாயிரம் போடலாமா?

கேள்வி: என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து 55 வயதில் நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஆப்பைக் காட்டினார். 500 வெள்ளி போட்டோம், பத்து நாளில் 580 என்று காட்டியது. சோதித்துப் பார்க்க 200 எடுத்தோம். அன்று மாலையே பேங்க் கணக்கில் வந்துவிட்டது. இபிஎஃப் பணத்தில் 40,000 போடலாம் என்கிறார். போடலாமா? — ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, போடாதீர்கள்.

வந்த 200 யாருடைய பணம்? நீங்கள் கொடுத்தது 500, திரும்ப வந்தது 200. மீதி 300 இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. லாபம் என்று காட்டிய 80, திரையில் தெரியும் எண் மட்டுமே. உங்களைப் போல 30 பேர் ஆளுக்கு 500 போட்டு ஆளுக்கு 200 எடுத்தார்கள் என்று வையுங்கள். வந்தது 15,000, போனது 6,000. எந்த முதலீடும் செய்யாமலே அவர்கள் கையில் 9,000 நிற்கிறது. அந்த முப்பது பேரில் ஒருவர் நம்பி 40,000 கொண்டுவந்தால், திருப்பிக் கொடுத்த 6,000 அவர்களுக்கு வெறும் விளம்பரச் செலவு.

நல்ல நிறுவனமாக இருந்தாலும் 200 வந்திருக்கும், மோசடியாக இருந்தாலும் வந்திருக்கும். இரண்டிலும் ஒரே விடை வருகிற சோதனையை வைத்து எது எதுவென்று பிரிக்க முடியாது.

அப்படியானால் முழுப் பணத்தையும் கேட்டுப் பார்க்கலாமா? கேளுங்கள். 380ஐயும் எடுத்துக் கணக்கை மூடச் சொல்லுங்கள். “முதலில் வரி கட்டுங்கள்”, “கணக்கைத் திறந்துவிட டெபாசிட் போடுங்கள்” என்று பதில் வந்தால், “இருக்கிற பணத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாமல் வெளியிலிருந்து புதுப் பணம் கேட்டால் அது மோசடிதான். ஆனால் 380 வந்துவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். 40,000 வரும் என்று தெரிந்தால் 380ஐத் தூக்கிக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் மேடாஃப் என்பவரிடம் முதலீடு செய்தவர்கள் பல ஆண்டுகள் கேட்டபோதெல்லாம் பணம் எடுத்தார்கள். 2008 கடைசியில் எல்லாரும் சேர்ந்து சுமார் 700 கோடி டாலர் திருப்பிக் கேட்டபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று வெளிவந்தது. பணம் எடுத்துப் பார்க்கும் சோதனை முழுமையாக வேண்டுமென்றால், முதலில் 40,000 உள்ளே போக வேண்டும். அப்புறம் சோதித்து என்ன பயன்?

அதனால் அந்த ஆப்புக்கு வெளியே போய்ச் சோதியுங்கள். உங்கள் பேங்க் ஆப்பைத் திறந்து, 500 போன வரியையும் 200 வந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணம் போனது யார் பெயருக்கு, வந்தது யார் பெயரிலிருந்து? ஒரு தனிநபருக்குப் போய் முற்றிலும் வேறொரு தனிநபரிடமிருந்து வந்திருந்தால், வந்தது பெரும்பாலும் உங்களைப் போல இன்னொருவர் போட்ட பணமாக இருக்கலாம். உரிமம் உள்ள முதலீட்டு நிறுவனம் உங்கள் பணத்தை யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்காது. அந்தக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். புகார் இருந்தால் காட்டும். இல்லையென்றால் இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்று மட்டுமே பொருள்.

அடுத்தது உரிமம். மலேசியாவில் பொதுமக்கள் பணத்தை வாங்கி முதலீடு செய்ய செக்யூரிட்டீஸ் கமிஷனின் உரிமமோ பதிவோ வேண்டும். sc.com.my தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியலும், எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கின்றன. எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பது நற்சான்று ஆகாது, நேற்று ஆரம்பித்த ஆப் இன்னும் அதில் ஏறியிருக்காது. உரிமப் பட்டியலில் பெயர் இருந்தாலும் அங்கேயே நிற்காதீர்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும் போலிகள் நிறைய உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த எண்ணையோ வாட்ஸ்அப் குழுவில் வந்த எண்ணையோ விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் எண்ணை நீங்களே வேறு வழியில் தேடி எடுத்து அழையுங்கள். “இந்த ஆப் உங்களுடையதா? இந்தப் பேங்க் கணக்கு உங்களுடையதா?” என்று கேளுங்கள். மோசடிக்காரர் எவ்வளவு செலவு செய்தாலும் அந்த இரண்டு கேள்விக்கும் ‘ஆமாம்’ என்ற பதிலை வாங்க முடியாது. உங்களுக்கு வேண்டிய சோதனை இதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் மேல் கோபப்பட வேண்டாம். அவருக்கும் சின்னத் தொகை வந்திருக்கும், அதை நம்பித்தான் சொல்கிறார். இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள். இதைப் படிப்பதற்குள் பெரிய தொகை ஏதும் அனுப்பிவிட்டிருந்தால், ஆப்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், உங்கள் பேங்குக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அதை முடக்கப் பார்ப்பார்கள். பிறகு அந்தப் பேங்க் வரிகளைப் படம் எடுத்துக்கொண்டு போலீஸில் புகார் செய்யுங்கள்.