இன்டர்வியூவுக்கு முன்பே எச்.ஆர். எதிர்பார்க்கும் சம்பளம் கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: "இப்போது சி.டி.சி. 6 லட்சம். இன்டர்வியூவே இன்னும் நடக்கவில்லை, அதற்குள் எச்.ஆர். போனில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்கிறார். என்ன சொல்ல?"

முதலில் அவரிடமே கேளுங்கள்: "இந்த வேலைக்கு எவ்வளவு பட்ஜெட் வைத்திருக்கிறீர்கள்?" சிலர் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு வரம்பு கொடுங்கள். நீங்கள் சொல்லும் கீழ் எண்தான் அவர் காதில் விழும். அதனால் 7.5 கிடைத்தால் சேர்வேன் என்றால் 7.5 முதல் 9 என்று சொல்லாதீர்கள், பேரம் 7.5-இல்தான் தொடங்கும். 8 முதல் 9 என்பது சரி. 7 முதல் 10 என்றால் இந்த வேலைக்கு வெளியே என்ன சம்பளம் என்று நீங்கள் விசாரிக்கவே இல்லை என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது, எந்தச் சம்பளம் என்பது. சி.டி.சி. 8 லட்சத்தில் வேரியபிள் 1 லட்சம் என்றால் உறுதியானது 7தான்; அதிலும் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி அடங்கியிருக்கலாம். ஆகவே இப்படிச் சொல்லலாம்:

"ஃபிக்ஸட் மட்டும் 8 முதல் 9 லட்சம் எதிர்பார்க்கிறேன். வேலையின் பொறுப்பு, வேரியபிள், இன்ஷூரன்ஸ் எல்லாம் தெரிந்தபின் கொஞ்சம் முன்பின் பேசலாம்."

வெறுமனே "நெகோஷியபிள்" என்றால் குறைக்கத் தயார் என்றே எடுத்துக்கொள்வார்கள். விண்ணப்பப் படிவத்தில் ஒரே எண்தான் ஏறும் என்றால் 8.5 போடுங்கள்.